நான் வாங்க முடியாத மனை

மந்தைவெளியில் அண்ணாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. வீடு கட்டிப் பல வருஷங்களுக்குப் பிறகு அதைத் தனிப் பத்திரத்தில் வாங்கினார். அதன் வாசல் பின் தெருவைப் பார்த்தது. நடுவில் ஒரு பாதாம் மரம். சாயங்காலம் அதன் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், தலைக்கு மேலே பறக்கும் ரயில் போகும். அதன் ஜன்னல் வெளிச்சம் இலைகளுக்கு நடுவே விட்டு விட்டுத் தெரியும். நான் குடியிருக்கும் தி. நகர் ஃப்ளாட்டில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் செருப்பு அலமாரிதான் தெரியும். அதனால் அந்த மனையில் மனசுக்குள் ஒரு வீடு கட்டி வைத்திருந்தேன். ஒரே ஒரு பெரிய அறை, நீளமாக ஒரு ஜன்னல். அடுப்படியைக் கிழக்கே வைப்பதா மேற்கே வைப்பதா என்று மட்டும் முடிவாகவில்லை. தூக்கம் வராத மத்தியானங்களில் அதை இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டிருப்பேன்.

அண்ணா போன பிறகு உயிலைப் பிரித்தார்கள். எல்லாம் அவருடைய ஒரே பெண்ணுக்கு, என் மருமகளுக்கு. அவளுக்கு அப்போது பதினைந்து வயது, அம்மா முன்பே இல்லை. உயிலை நிறைவேற்ற வேண்டிய எக்ஸிக்யூட்டர் நான். சொத்தோடு கடனும் இருந்தது. புற்றுநோய் வைத்தியத்துக்காக வீடு, மனை இரண்டின் பத்திரங்களையும் அண்ணா ஒரு வங்கியில் அடமானம் வைத்திருந்தார். வட்டி ஏறிக்கொண்டே போனது. மனையை விற்றால் கடனை அடைத்துவிடலாம், வீடு பெண்ணுக்கு மிஞ்சும். விட்டுவிட்டால் இரண்டையும் வங்கி ஏலத்துக்குக் கொண்டுபோகும்.

அந்தக் காலத்தில் சென்னைக்குள் இருக்கும் சொத்துக்கு உயிலை மட்டும் காட்டி ஒன்றும் செய்ய முடியாது. உயில் செல்லும் என்று உயர் நீதிமன்றம் தரும் சான்று, புரொபேட், வாங்கியாக வேண்டும். வாங்கினேன். முத்திரை குத்திய அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனி நான் ராணி என்று நினைத்தேன்.

வழக்கறிஞர் அம்மாள் உயிலின் நான்காவது பத்தியில் விரலை வைத்தார். 'என் மகளுக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை சொத்து எதையும் விற்கக் கூடாது.'

"இந்த வரி இல்லேன்னா நீங்களே வித்துடலாம், யார்கிட்டயும் கேக்க வேண்டாம். இருக்கறதால, புரொபேட் குடுத்த கோர்ட்டே எழுத்துல அனுமதி தரணும்" என்றார். "அது இல்லாம வித்தா, பின்னாடி உங்க மருமக வந்து செல்லாதுன்னு கேக்கலாம். விவரம் தெரிஞ்ச எவரும் வாங்க மாட்டாங்க."

"வாங்கறதுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

எவ்வளவு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை! ஃப்ளாட்டை விற்றுவிடுகிறேன், அரசு வழிகாட்டி மதிப்புக்கு மேலேயே தருகிறேன், கடன் முழுதும் அடையும், மனையும் குடும்பத்தை விட்டுப் போகாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க விக்கறவங்க மேடம். வாங்கறவங்களாகவும் இருக்க முடியாது."

"எங்காத்துக்காரர் பேர்ல?"

"அதுவும் நீங்க வாங்கின மாதிரிதான். அந்தப் பத்திரத்தை எப்ப வேணா உங்க மருமக கவுத்துடலாம்."

"அவ அப்படிச் செய்யவே மாட்டா. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கோளேன்."

"மைனர் சொல்ற சம்மதம் சம்மதம் இல்ல மேடம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் யார் வேண்டுமானாலும் வாங்கலாமாம், அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்ட நான் வாங்கக் கூடாதாம். நல்ல சட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினேன். அன்றைக்கு ராத்திரி அடுப்படியைக் கிழக்கேயே வைத்துவிட்டேன். இனி யார் கேட்கப்போகிறார்கள்?

அனுமதி கேட்ட மனுவில் என் மருமகள் எதிர்த் தரப்பு. அவள் நலனைப் பார்க்க, அவளுடைய தாய்மாமனைக் கார்டியனாக நீதிமன்றம் நியமித்தது. நீதிபதி கடன் விவரத்தைப் பார்த்தார், மனையை மதிப்பீட்டாளர் ஒருவரை விட்டு அளக்கச் சொன்னார், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மூடிய உறைகளில் விலை கேட்கச் சொன்னார். அந்த மாதங்கள் எனக்குத் தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி இருந்தன. மனையைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானே கேட்டைத் திறந்துவிட்டேன். அவர்கள் காலடியில் பாதாம் இலைகள் நொறுங்கின. என் நீள ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் காரை எப்படி நிறுத்துவது என்று கையால் அளந்து பார்த்தார்.

உறைகளை நீதிமன்றத்தில் பிரித்தார்கள். அதிகம் கேட்டவர், நொச்சிக்குப்பத்தில் மொத்த மீன் வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணி. அவர் சொன்ன தொகை காதில் விழுந்ததும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் தருவதாகச் சொன்ன விலைக்குக் கடன் அடைந்திருக்கும், அவ்வளவுதான். இந்த விலைக்குக் கடன் போக, அந்தப் பெண் படித்து முடிக்கிற அளவுக்கு மீதி நிற்கும். நான் சொன்னது நியாயமான விலை என்று சத்தியமாக நம்பியிருந்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எதிர்வீட்டு மாமா, "மீன்காராளுக்கா?" என்று மூக்கைச் சுளித்தார். "ஆமாம், நீங்களும் உறை போட்டிருக்கலாமே" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தால் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

அந்த அம்மாள் சாமானியமாக ஏமாறுகிற ஆள் இல்லை. உத்தரவின் சான்றிட்ட நகல், புரொபேட், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் தன் வக்கீலிடம் காட்டிய பிறகுதான் மேற்கொண்டு பேசினார்.

"தப்பா நெனச்சிக்காத மேடம். நாளைக்கு அந்தப் பொண்ணு பெருசாயி 'இது என் எடம்'னு வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்? எல்லாம் கரீட்டா கீதான்னு பாத்துக்கினுதான் கால வெப்பேன்."

"பாருங்கோ, நன்னாப் பாருங்கோ" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பத்திரப் பதிவு நாளில் வங்கி அதிகாரி அசல் பத்திரங்களோடு வந்திருந்தார். இரண்டு வங்கி வரைவோலைகள். ஒன்று கடனுக்காக நேரே வங்கியின் பெயரில், இன்னொன்று என் மருமகள் பெயரில் வைப்புத்தொகைக்கு. மேஜர் ஆகும்வரை நீதிமன்றம் சொல்லாமல் யாரும் அதைத் தொட முடியாது. என் கை வழியாக ஒரு காசு போகவில்லை. போட்டோ எடுத்தார்கள், கட்டைவிரல் வைத்தேன்.

சார்பதிவாளர் நிமிர்ந்து பார்க்காமல், "படிச்சுப் பாத்து, சம்மதத்தோடதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார்.

ஜன்னல், அறை, ரயில் வெளிச்சம் எல்லாம் ஒரு தரம் கண்முன் வந்து போயின. என் பதிலுக்குக் காத்திருந்த மீன் வியாபாரி அம்மாளின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "ஆமாம்" என்றேன்.

சாயங்காலம் மந்தைவெளி வீட்டில் நானும் மருமகளும் கொல்லைப்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். மீட்டு வந்த வீட்டுப் பத்திரத்தை அவள் இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உனக்கு அந்த இடம்னா உசுராமே. கோர்ட்டுக்கு வந்த என் மாமா சொன்னா."

"ஆமாண்டி. ரொம்ப ஆசைப்பட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதோ? சும்மாவே எடுத்துக்கோன்னு குடுத்திருப்பேனே" என்றாள்.

சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. கொடுத்துத்தான் இருப்பாள். நானும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளைக் கேட்க என்னை விடாமல் தடுத்தவர்களை நன்றியோடு நினைத்து, அவள் தலையை என் தோளோடு சேர்த்துக்கொண்டு அழுதேன்.