சம்பத் சார் ஏறாத ரெண்டு வண்டி

என் க்ளாசுக்கு வர்றதெல்லாம் நர்சுப் பொண்ணுங்க. ஜெர்மனியில ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவங்க. நாவலூர்ல ஒரு மருந்துக்கடைக்கு மேல ரெண்டு ரூம் எடுத்து அவங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தர்றேன். என் பேரு ரோகிணி, சொந்த ஊரு செங்கல்பட்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். வாயில்லாம டீச்சர் வேலை பாக்க முடியுமா?

போன ஜூன் மாசம் சம்பத் சார் வந்து நின்னாரு. அறுபத்தாறு வயசு. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டுல ரெண்டு பேனா. கல்பாக்கம் அணுசக்தி ஆபீசுல முப்பத்தினாலு வருஷம் டெக்னீஷியனா இருந்து ரிடையர் ஆனவரு. புதுப்பட்டினத்துல தனியா இருக்காரு. சம்சாரம் போய் நாலு வருஷம் ஆச்சு.

"எனக்கு முழு பாஷையும் வேணாம் மேடம். ரயில்ல போறதுக்கு என்ன வார்த்தை வேணுமோ அது மட்டும் சொல்லிக் கொடுங்க போதும்"னாரு.

"இது இன்னா சார், இட்லி கடையா? ரெண்டு மட்டும் வைய்யின்னு கேக்கறதுக்கு?"

"ரெண்டுதான் மேடம் எனக்கு செரிக்கும்."

மனுஷன் சிரிக்கவே இல்ல. எனக்குத்தான் சிரிப்பு வந்துடுச்சு. கடைசி பெஞ்சுல உக்கார வெச்சேன்.

எதுக்கு ரயில் வார்த்தைன்னு அவரு சொல்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு. ஒரே பொண்ணு, சஹானா, ஜெர்மனியில இருக்கா. அம்மாவுக்கு உடம்பு முடியாம போனப்போ இவரு போன்ல, "ஒண்ணும் இல்ல, சாதாரண ஜுரம், நீ பரீட்சைய முடி"ன்னு சொல்லிக்கினே இருந்திருக்காரு. பரீட்சை முடிஞ்சு அவ வந்து சேர்ந்தப்போ அம்மா இல்ல. அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவதான். இவரு போன் பண்ணா எடுக்க மாட்டா.

"நல்லதுன்னு நினைச்சுதான் மேடம் மறைச்சேன்"னாரு. அந்தப் பொண்ணு இடத்துல நான் இருந்தா நானும் எடுத்திருக்க மாட்டேன்.

அவரோட தங்கச்சி பையன் பார்த்திபன் ஃப்ராங்க்ஃபர்ட்ல வேலை பாக்கறான். ரெண்டு வாரம் வந்து தங்குங்க மாமான்னு கூப்பிட்டிருக்கான். அவன்தான் சஹானாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு சம்மதம் வாங்கினான். வீட்டுக்கெல்லாம் வர வேணாமாம். அக்டோபர்ல ஒருநாள் அவ ஆபீஸ் வேலையா போகும்போது வூர்ஸ்பர்க் ஸ்டேஷன்ல வண்டி மாறுவா. மதியம் ஒண்ணு முப்பத்தஞ்சுலேர்ந்து மூணு அஞ்சு வரைக்கும் அங்க இருப்பா. வந்தா பாக்கலாம். ஒன்றரை மணி நேரம். அதுக்காகத்தான் இந்த மனுஷன் வாரத்துக்கு மூணு நாள் புதுப்பட்டினத்துலேர்ந்து பஸ்சு மாறி மாறி வந்தாரு.

நானும் சொல்லிக் கொடுத்தேன். செங்கல்பட்டு ஸ்டேஷனை வெச்சே சொல்லிக் கொடுத்தேன்.

க்ளைஸ்னா தண்டவாளம். நாம பிளாட்ஃபாரம் நம்பர் பாக்கற மாதிரி அங்க க்ளைஸ் நம்பர் பாக்கணும். ஒரே மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு நம்பர், அந்தப் பக்கம் ஒரு நம்பர். கடைசி நிமிஷத்துல மாத்துவாங்க, போர்டை விட்டு கண்ணை எடுக்கக்கூடாது. ஃபெர்ஷ்பேட்டுங்னா தாமதம். ஜெர்மன்காரன் வண்டி டயத்துக்கு வரும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. ட்ஸூஷ்லாக்னா மேல கட்டற கட்டணம். செகண்ட் க்ளாஸ் டிக்கெட்டை வெச்சிக்கினு ஃபர்ஸ்ட் க்ளாஸ்ல உக்காரணும்னா வித்தியாசத்தைக் கட்டணும் இல்ல, அந்த மாதிரி.

அப்புறம் ட்ஸூக்பிண்டுங். இதைத்தான் மேசையைத் தட்டித் தட்டி சொன்னேன். சலுகை விலை டிக்கெட்டுல இந்த வார்த்தை இருந்தா, எந்த வண்டிக்கு எடுத்தியோ அந்த வண்டிதான். வேற வண்டியில ஏறினா அது டிக்கெட்டே இல்லாத பயணம், அபராதம் போட்டுடுவான்.

"நம்ம ரிசர்வேஷன் மாதிரி"ன்னாரு சம்பத் சார்.

"அதே மாதிரிதான் சார்"னு சொன்னேன்.

அதுல பாதிதான் உண்மை. மீதிப் பாதி இது: சேர வேண்டிய ஊருக்கு இருபது நிமிஷமோ அதுக்கு மேலயோ லேட்டா போகும்னு தெரிஞ்சா அந்தக் கட்டு அவுந்துடும். அதே ஊருக்குப் போற வேற வண்டியில அதே டிக்கெட்டுல ஏறிப் போகலாம். ஒரு காசு மேல கட்ட வேணாம். இது எனக்கு நல்லாவே தெரியும். பொண்ணுங்க கிட்ட சொல்றதில்ல. விதிவிலக்கைச் சொன்னா விதியை விட்டுட்டு அதையே புடிச்சிக்குவாங்கன்னு ஒரு எண்ணம். முதல்ல பயம் வரட்டும், மீதியை அங்க போய் கத்துக்கட்டும்னு பன்னண்டு வருஷமா இப்படித்தான் நடத்தறேன். அந்தப் பொண்ணுங்க போய் கத்துக்கினாங்க. சம்பத் சாருக்கு அங்க இருந்ததே ஒன்றரை மணி நேரம்.

அக்டோபர்ல அவரு கிளம்பிப் போனாரு. சஹானாவைப் பாக்கற அன்னிக்கு இங்க எனக்கு சாயங்காலம் நாலு மணி க்ளாசு. உள்ள வந்தா எல்லாரும் போனை சைலன்ட்ல போட்டு ஜன்னலோரம் வெக்கணும், என் போன் உள்பட. நான் வெச்ச சட்டம். அஞ்சரைக்கு போனை எடுத்தேன். சம்பத் சார்கிட்டேர்ந்து அஞ்சு மிஸ்டு கால். அங்க மதியம் ரெண்டு மணி.

"சார், இன்னா ஆச்சு? எங்க இருக்கீங்க?"

"ஃப்ராங்க்ஃபர்ட்லதான் மேடம். க்ளைஸ் ஆறு. பன்னண்டு இருவது வண்டி. முதல்ல முப்பது நிமிஷம் ஃபெர்ஷ்பேட்டுங்னு போட்டான். அப்புறம் அறுபது. இப்போ நூத்திப்பத்து." குரல் நிதானமாத்தான் இருந்துச்சு. பரீட்சையில ஒப்பிக்கற மாதிரி சொன்னாரு.

"நடுவுல வூர்ஸ்பர்க் போற வண்டி எதுவும் வரலையா?"

"ரெண்டு வந்துது. பன்னண்டு அம்பத்தினாலுக்கு ஒண்ணு க்ளைஸ் ஏழுல. எனக்கு நேர் எதிர்லயே நின்னுது, கதவு திறந்துதான் இருந்துது. ஒண்ணரை மணிக்கு இன்னொண்ணு. நம்ம டிக்கெட்டுல ட்ஸூக்பிண்டுங் போட்டிருக்கே மேடம். ட்ஸூஷ்லாக் கட்டினா விடுவானான்னு கேக்கத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

"ஏறியிருக்கலாம் சார். ரெண்டுலயும் ஏறியிருக்கலாம். ஒண்ணும் கட்டத் தேவையில்ல. யாரையாச்சும் கேட்டிருக்கலாமே சார்!"

"முப்பத்தினாலு வருஷம் எழுதி வெச்சபடியே வேலை பாத்தவன் மேடம் நானு. எழுதி வெச்சதை மீறி ஒரு வால்வைக் கூட தொட்டதில்ல"ன்னாரு. அப்புறம், "வண்டி வருது"ன்னு வெச்சிட்டாரு.

அவரு டிக்கெட்டுல இருந்த வண்டி ரெண்டு பத்துக்குக் கிளம்பி வூர்ஸ்பர்க் போய் சேர்ந்தப்போ மூணு இருவத்திரெண்டு. சஹானா மூணு அஞ்சு வண்டியில போயிட்டா. மேடையில அரை மணி நேரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பாத்திருக்காரு. அப்புறம் அவகிட்டேர்ந்து வந்த மெசேஜை எனக்கு அனுப்பினாரு.

"மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். உங்க வண்டி லேட்டுன்னு எனக்கும் தெரியும். இவ்ளோ லேட்டானா எந்த வண்டியிலயும் ஏறலாம்னு இந்த ஊர்ல சின்னக் கொழந்தைக்குக் கூட தெரியும். நடுவுல ரெண்டு வண்டி வந்துச்சு. ரெண்டுலயும் ஒவ்வொரு கதவா பாத்தேன். உங்களுக்கு வர மனசு இல்லன்னு புரிஞ்சுது. பரவால்ல."

பொண்ணுங்க எல்லாம் எப்பவோ போயிட்டாங்க, அந்த ரூம்ல தனியா உக்காந்து அழுதேன். யாரையும் திட்ட முடியாத கோவம் எவ்ளோ கொடுமைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மறுநாள் அவரு க்ளாசுல சேரும்போது எழுதிக் கொடுத்த ஃபாரத்தைத் தேடி எடுத்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளுன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல சஹானா பேரும் நம்பரும் எழுதியிருந்தாரு. போனே எடுக்காத பொண்ணு நம்பரு. அவளுக்கு ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நான்தான் உங்கப்பாவோட டீச்சர், நான் பாதிதான் சொல்லிக் கொடுத்தேன், க்ளைஸ் ஏழுல வண்டி நின்னப்போ என்னை அஞ்சு தடவை கூப்பிட்டாரு, நான் எடுக்கல, தப்பு என்னுதுன்னு. அவ கேட்டுட்டான்னு போன் காட்டுச்சு. பதில் இல்ல.

சம்பத் சார் திரும்பி வந்தாரு. வந்த முதல் வாரமே க்ளாசுக்கும் வந்துட்டாரு. எதுக்கு சார் இனிமேன்னு கேக்க எனக்கு வாய் வரல. "வீட்டுல உக்காந்து என்ன பண்றது மேடம்? இங்க வந்தா நாலு பேரு பேசற சத்தம் கேக்குது"ன்னாரு. கோவளத்துலேர்ந்து வர்ற ஜெஸ்ஸி அவருக்குப் பக்கத்துல உக்காந்து, "அங்கிள், நாஸ்தா ஆச்சா?"ன்னு கேக்கும். அந்த ஒரு கேள்விக்கே அவரு முகம் மலர்ந்துடும்.

அவரு திரும்பி வந்து பதினோரு நாள் கழிச்சு ஒரு மத்தியானம் சஹானா என்னைக் கூப்பிட்டா.

"மேடம், அப்பாவா உங்க க்ளாசுக்கு வந்தாரு?"

"நாலு மாசம் வந்தாரும்மா. உன்னைப் பாக்கறதுக்குத்தான்."

அப்புறம் அவ சொன்னா: "நீங்க தப்பு உங்களுதுன்னு சொன்னீங்க. இல்ல மேடம். அவரு அங்க நின்னுக்கிட்டு எனக்கு அனுப்பினது என்ன தெரியுமா? 'சின்ன தாமதம்தான். எல்லாம் சரியா இருக்கு.' அம்மா சமயத்துல சொன்ன அதே பேச்சு. உங்களுக்கு அஞ்சு தடவை போன் பண்ணியிருக்காரு. எனக்கு ஒரு தடவை பண்ணியிருந்தா, ஏழாம் க்ளைஸ்ல நிக்கற வண்டியில ஏறுப்பான்னு சொல்லியிருப்பேன். எடுத்திருப்பேன் மேடம். அன்னிக்கு எடுத்திருப்பேன்."

சாயங்காலம் க்ளாசு முடிஞ்சு எல்லாரும் போனதும் சம்பத் சாரை உக்கார வெச்சு அவ சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொன்னேன். இந்த தடவை பாதி சொல்லல. அவரு கேட்டுக்கினே மேசையைப் பாத்துக்கினு இருந்தாரு. எனக்குப் பயமா இருந்துச்சு. அப்புறம் போனை எடுத்து, என் எதிர்லயே நம்பரைப் போட்டாரு. ஸ்பீக்கர்ல ரிங்கு போச்சு. நாலு ரிங்கு. அஞ்சு.

"சொல்லுங்கப்பா"ன்னு ஒரு குரல்.

சம்பத் சார் போனை ரெண்டு கையாலயும் எடுத்து வாய்கிட்ட வெச்சிக்கினாரு.

"அம்மாடி, அன்னிக்கு அந்த ஸ்டேஷன்ல எனக்கு ஒண்ணும் புரியலம்மா. ரொம்ப பயந்துட்டேன்."