முப்பத்தொன்றாம் செல்லில் ஊற்றிய தண்ணீர்

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் அதிகம் அடி வாங்கிய இடம் ஒரு பேட்டரி அறை.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் சாலையில் உள்ள நூற்பாலையில் நான் மின் அறை ஆபரேட்டர். என் பொறுப்பில் ஐம்பத்தைந்து செல்கள் இருந்தன. செல்லுக்கு இரண்டு வோல்ட், கோத்துவிட்டால் நூற்றுப்பத்து. நூற்கும் எந்திரமோ விசிறியோ இதில் ஓடாது. எங்காவது கேபிள் வெடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய பிரேக்கரை விழவைக்கும் உதை இந்த வரிசையிலிருந்து போக வேண்டும், அவ்வளவுதான் இதற்கு வேலை. அந்த நேரத்தில் ஆலை மின்சாரம் படுத்துவிடும், அதை நம்பியிருக்கும் சார்ஜரும் படுத்துவிடும். நிற்க வேண்டியது பேட்டரி ஒன்றுதான்.

பேட்டரி நிற்க வேண்டுமானால் ஆபரேட்டர் குனிய வேண்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு செல்லின் மூடியையும் திறந்து, ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கண்ணாடிக் குச்சி காட்டும் அடர்த்தியைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எங்கள் செல்லுக்கு 1200 ஆரோக்கியம். மட்டம் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் விட வேண்டும். அமிலம் விடக்கூடாது, ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அன்றாடம் பார்ப்பதற்குக் கதவோரமாக ஒரு செல்லை மாதிரியாக வைத்திருந்தோம். மின்விசிறிக்கு அடியில் இருந்ததால் அதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

சுவரோர வரிசை வேறு கதை. அங்கே குத்தவைத்துத்தான் பார்க்க முடியும். நான் குத்தவைத்தால் எனக்கும் தரைக்கும் நடுவில் என் வயிறு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஏழெட்டு மாதமாக அந்த வரிசையின் எண்களை நாற்காலியில் இருந்தபடியே எழுதினேன். 1200, 1195, 1205. எல்லாவற்றையும் ஒன்றுபோல எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று தெரிகிற அளவுக்கு வாசிப்புப் பழக்கம் எனக்கு உண்டு. நான் எழுதியவற்றில் யாரும் குறை சொல்லாத புனைவு அந்த ரிஜிஸ்டர்தான்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல், மழைத்தண்ணீர் ஓட ஆலைக்குப் பின்னால் கரிசலில் பொக்லைனை விட்டு வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பல் எங்கள் பதினோராயிரம் வோல்ட் கேபிளைக் கடித்தது.

ஜன்னலுக்கு வெளியே தரையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை நெருப்பு எழுந்தது. கண் இமைப்பதற்குள் எங்கள் பிரேக்கர் விழுந்திருக்க வேண்டும். பலகையில் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை மினுங்கி அவிந்தது. பிரேக்கர் அசையவில்லை. தொலைவில், எங்களுக்கு மின்சாரம் அனுப்பும் துணைமின் நிலையத்தில் அவர்களுடைய பிரேக்கர் விழும்வரை நெருப்பு நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம்தான். அதற்குள் பொக்லைனின் கண்ணாடி உதிர்ந்தது, சக்கரம் பற்றியது. குதிக்கப்போன டிரைவர் கம்பியைப் பிடித்த இரண்டு கையும் தோல் உரிந்து தொங்க மண்ணில் விழுந்தார். அவர் கத்தியபோதல்ல, கத்துவதை நிறுத்தியபோதுதான் நான் வெளியே ஓடினேன்.

அவரை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு மேனேஜர் வந்தார்.

"கேபிள் போற இடத்துல தோண்டிருக்கான். தப்பு முழுக்க அவன் மேலதான். சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்ல அப்படித்தான் எழுதிக் குடுக்கப்போறேன்."

எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சிக்குப் புதூர்ப் பக்கம் ஊர். கம்பத்தில் ஏறி ஏறிக் கை மரத்துப்போனவர்.

"கேபிள வெட்டுனது அவன்தான், சரி. பிரேக்கர் ஏன் விழல? விழுந்திருந்தா அவன் கை இந்தக் கதிக்கு ஆயிருக்காதுல்லா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரீடிங் எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்றேன்.

"மீட்டர எடுத்துட்டு வாரேன்" என்று அண்ணாச்சி ஸ்டோருக்குப் போனார்.

எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். டார்ச்சோடு சுவரோரம் வயிற்றை மடக்கி உட்கார்ந்தேன். எல்லாச் செல்லும் வற்றியிருந்தது. முப்பத்தொன்றில் தகடுகளின் தலை வெளியே நீட்டி வெளுத்துப்போயிருந்தது. மட்டம் காட்டும் மிதவைக் குச்சி உப்புப் பூத்து மேலேயே ஒட்டிக்கொண்டு, எனக்குச் சமமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. கேனைத் தூக்கிக் கோடுவரை தண்ணீர் ஊற்றி, துடைத்து, மூடினேன். ஏழெட்டு மாத வேலையை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்ட பெருமிதம்கூட லேசாக இருந்தது.

அண்ணாச்சி வந்து சார்ஜரை நிறுத்தி, சோதனைக்கு நான்கு பல்பைக் கோத்தார். சிவந்து அவிந்தன. மீட்டரோடு ஒவ்வொரு செல்லாகப் போனார். இரண்டு, இரண்டு, இரண்டு. முப்பத்தொன்றில் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மின்சாரம் கொடுக்க வேண்டிய செல் வாங்கிக்கொண்டிருந்தது; கோத்த வரிசை முழுதையும் நிறுத்த அது ஒன்று போதும்.

மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினார். குச்சி மிதக்கவே இல்லை, கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

புதுத் தண்ணீர் அமிலத்தைவிட லேசானது, மேலேயே நிற்கும். சார்ஜ் ஏறி, குமிழி கிளம்பி, மணிக்கணக்கில் கலக்கினால்தான் இரண்டும் சேரும். வேலைக்குச் சேரும்போது நேர்முகத்தில் இதைத் தப்பில்லாமல் ஒப்பித்தவன் நான்.

"என்னவே இது?"

"அண்ணாச்சி..."

"பச்சத் தண்ணியால்லா இருக்கு. ரிஜிஸ்டர்ல 1205-ன்னு போட்டிருக்கீரு?"

"இப்பத்தான் கொஞ்சம்..."

முதல் அறை காதில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, அதற்குள் நான் செல்வரிசைமேல் சாய்ந்திருந்தேன். சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தார். உதடு கிழிந்தது. பயத்தில் நான் கையை வீச, அது அவர் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. வாழ்க்கையில் நான் குத்திய ஒரே குத்து, அதுவும் தவறுதலாக. பதிலுக்கு அவர் முழங்காலால் வயிற்றில் ஏற்றினார்.

"நீரு எழுதுற நம்பர நம்பித்தானவே நான் கம்பத்துல ஏறுதேன்! என் பிள்ளையள நீரா வளப்பீரு?"

ஹைட்ரோமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் மூடியைத் திறந்து வைத்திருந்த முன்வரிசைச் செல்லில் என் முழங்கை இடித்ததில் அமிலம் தெறித்துத் தொடையில் பட்டது. ஊசிகள் இறங்குவதுபோல எரிந்தது. அண்ணாச்சி அடிப்பதை நிறுத்தவில்லை, ஆயுதத்தை மட்டும் மாற்றினார். வாளித் தண்ணீரை முழுதாகத் தொடையில் விசிறினார், அடுத்த வாளி, அதற்கடுத்த வாளி. பிறகு சிந்திய அமிலத்தை முறிக்கத் தரையில் சோடா மாவைக் கொட்டினார். அது நுரைத்தது.

"பேன்ட்ட அவுரும். தோலாவது மிஞ்சட்டும்."

நான் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் கதவில் வந்து நின்றார். இருவர் முகத்திலும் ரத்தம், ஒருவன் ஜட்டியோடு.

"என்னய்யா நடக்குது இங்கன?"

அண்ணாச்சி மூக்கைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். இன்னொரு அறை கொடுத்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"சுவரோர வரிசைய நான் பாக்கவே இல்ல சார். நம்பர் எல்லாம் கற்பனை. பிரேக்கர் விழாததுக்குக் காரணம் நான்" என்றேன்.

"சும்மா இரும். தப்பு டிரைவர் மேலன்னு முடிவாயிருச்சு."

"அவரு கை எரிஞ்சது என்னால. எழுதிக் குடுக்கேன்."

இருவரும் பார்க்க, ரிஜிஸ்டரில் அந்தத் தேதிக்கு நேராக எழுதினேன். முப்பத்தொன்று: தகடு வெளியே, அமில மட்டம் இல்லை, மின்னழுத்தம் தலைகீழ், விபத்துக்குப் பின் தண்ணீர் ஊற்றியது நான். அண்ணாச்சி அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார், மேனேஜர் தாளைக் கிழிப்பதற்கு முன்பாக. மேனேஜர் கிழிக்கத்தான் செய்தார். ஸ்டேஷனுக்குப் படம் போனது, டிரைவர் மேல் எழுதிய காகிதம் போகவில்லை. எனக்கு வேலையும் போனது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரைவருக்கு இரண்டு கையிலும் பந்து பந்தாகக் கட்டு. கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப அந்தப் பேட்டரி ஒழுங்கா இருந்திருந்தா?"

"பெருசா ஒண்ணும் ஆயிருக்காது. உம்ம கை வரைக்கும் வந்திருக்காது."

"கொஞ்சம் கிட்ட வாரும்."

போனேன். படுத்தவாக்கில் காலைத் தூக்கி, முன்தினம் அண்ணாச்சி ஏற்றிய அதே வயிற்றில் முழு பலத்தோடு உதைத்தார். நான் பக்கத்துக் கட்டிலின் குளுக்கோஸ் கம்பியோடு தரையில் விழுந்தேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"எதுக்கு இப்படிப் பண்ணுதீங்க? கைக் கட்டு பிரிஞ்சிரப் போவுது."

"கை எதுக்கு சிஸ்டர்? காலு நல்லாத்தான் இருக்கு" என்றார் டிரைவர். பிறகு கட்டிலுக்கு மேலிருந்து எட்டி என்னைப் பார்த்தார். "எந்திரியும். போலீஸ்காரன் மத்தியானம் வருதானாம். எங்கிட்ட சொன்னத அப்படியே அவன்கிட்டயும் சொல்லிட்டுப் போரும்."

மத்தியானம்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.