சாலையைக் கடக்கும் லக்சா

எர்மெலிந்தா லாய் சொந்தக் கடை போடுவதற்கு முன் பதினேழு வருடம் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரக் காசினோவில் ரூலெட் மேசையில் நின்றவர். பந்து எங்கே விழும் என்று ஆட வந்தவர்கள் வேண்டிக்கொண்டிருக்க, எங்கே விழுந்தாலும் நூற்றுக்கு எத்தனை காசினோவுக்குப் போகும் என்று கணக்குப் போட்டபடி புன்னகைத்துக்கொண்டிருப்பார். அந்தப் புன்னகை ஐம்பத்தெட்டு வயதிலும் அப்படியே இருந்தது. அதே ஊரின் ஸ்டூவர்ட் பார்க் பகுதியில், தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்ட லக்சா விற்கும் அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரை ஆன்ட்டி என்றார்கள். புன்னகையை மட்டும் யாரும் நம்புவதில்லை.

ஜூன் மாதம் டெலிவரி ஆப் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உணவைக் கொண்டு சேர்க்கும் தூரமும் செலவும் கூடிவிட்டதால், ஜூலை முதல் கமிஷன் இருபத்தேழு சதவிகிதத்திலிருந்து முப்பத்திரண்டாக உயரும். கீழே ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

"ஜோசே, இதப் படி" என்று போனைச் சமையல்காரரிடம் நீட்டினார். பாதி வருமானம் அந்த ஆப்பிலிருந்துதான் வந்தது. பதினெட்டு டாலர் லக்சா ஒன்றில் இறாலுக்கும் நூடுல்ஸுக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் கமிஷனுக்கும் போக, கையில் நிற்பது ஒன்றரை டாலர். புது விகிதத்தில் அதில் தொண்ணூறு சென்ட் போய்விடும். மிச்சம் அறுபது சென்ட்.

"அப்ப எனக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலை போச்சு, அப்படித்தானே?" என்றார் ஜோசே, இறால் உரிப்பதை நிறுத்தாமல்.

"ஆப்ப விட்டாலும் போகும், வச்சாலும் போகும். பொறு. ரூலெட்லயே நூத்துக்கு மூணு கூட எடுக்க மாட்டாங்க. அத சூதாட்டம்னு சொல்றாங்க."

கம்பெனிக்காரர்களோடு பேச வேண்டுமென்றால் எண்கள் வேண்டும். கம்பெனி தரும் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தொகை, கமிஷன், ரைடர் பொட்டலத்தை எடுத்த நேரம், கொடுத்த நேரம் எல்லாம் இருக்கும். வாடிக்கையாளரின் முகவரி மட்டும் இருக்காது. அதைக் கடைக்குக் காட்ட மாட்டார்கள்.

எட்டு வாரக் கணக்கை இறக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எடுத்தது 5:12, கொடுத்தது 5:13. எடுத்தது 6:40, கொடுத்தது 6:42. மொத்தம் 608 ஆர்டர். அதில் 211 ஆர்டர் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

எர்மெலிந்தா தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியே எதிர்ச் சாரியைப் பார்த்தார். அங்கே கெர்ரியின் பப். அதன் சமையலறையைப் போன வருடமே மூடிவிட்டார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் ரைடர் பொட்டலத்தோடு சாலையைக் கடக்கும்போதெல்லாம் ஆர்டர்ச் சீட்டில் ஒரு டிக் போட்டார். ஆணியில் குத்திய சீட்டுகளும் கம்பெனியின் நேரங்களும் அச்சாகப் பொருந்தின. அவர் உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு, நேபாளத்திலிருந்து படிக்க வந்த ரைடர் பிஷால் ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லப்பா. அங்க போய்ச் சேர உனக்கு எத்தன அடி?"

"இருபத்தாறு. காரு வந்தா நின்னு போகணும்."

"காசு?"

"எவ்வளவு கிட்டத்துல இருந்தாலும் ஒரு குறைஞ்சபட்ச தொகை உண்டு ஆன்ட்டி. அந்த ஆர்டருக்குத்தான் எங்களுக்குள்ள அடிதடியே."

எர்மெலிந்தா கம்பெனியின் வீடியோ அழைப்பு மூன்றைத் தட்டிக் கழித்தார். வாணலி முன்னால் காது கேட்காது, நேரில் வாருங்கள் என்று பதில் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு, அந்தப் பகுதிக் கடைகளைக் கவனிக்கும் கம்பெனி மேலாளர் கேலம் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, இருபத்தெட்டு வயது, கையில் டேப்லட்.

"ஆன்ட்டி, உங்க ஆர்டர் வருஷத்துல நாப்பது சதவிகிதம் ஏறியிருக்கு. அந்த வாடிக்கையாளருங்கள நாங்கதான் கொண்டு வந்தோம்."

"எங்கேர்ந்து?"

"அத நாங்க சொல்லக் கூடாது. தனியுரிமை."

"நான் சொல்றேன். எதிர்ல இருந்து."

211 என்ற எண்ணை அவன் முன்னால் வைத்தார். கேலம் இணையப் பக்கத்தைத் திறந்து தானே சரிபார்த்தான். பிறகு, "நேரத்த வச்சு தூரத்த நிச்சயமா சொல்ல முடியாது ஆன்ட்டி. ரைடர் முன்னாடியே 'கொடுத்தாச்சு' பட்டன அழுத்தியிருக்கலாம்" என்றான்.

"சரி. நீயே பப்ல போய் உக்காந்து ஒரு இறால் லக்சா ஆர்டர் பண்ணு. கொண்டு போய்ச் சேக்கறது எவ்வளவு கஷ்டம்னு நானும் பாக்கறேன். காசு நான் தர்றேன்."

கேலம் சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தான். ஐந்து மணி ஆகிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் ஊரிலுள்ள ரைடர்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் வந்த ஒன்பதாவது நிமிடம் எர்மெலிந்தா லக்சாவைக் கட்டி, கண்ணாடியை ஒட்டி, கேலமின் கண்ணுக்கு நேராக வைத்தார்.

அவன் போன், ரைடர் வடக்கே தள்ளியிருந்த நைட்கிளிஃப் பகுதியில் இருப்பதாகக் காட்டியது. பதினான்கு நிமிடம் என்றது. பிறகு பதினேழு என்றது.

பப்பில் விஷயம் பரவிவிட்டது. "உன் சாப்பாடு கை அசைக்குது பாரு" என்றாள் கெர்ரி, பீர் ஊற்றிக்கொண்டே. "நூடுல்ஸ் ஊறி ஊறி உன் வயசுக்கு வந்துடும்" என்றார் ஒரு கிழவர். இன்னொருவர் ரைடர் வருவதற்குள் நவம்பர் மழைக்காலமே வந்துவிடும் என்று ஐந்து டாலர் பந்தயம் கட்டினார்.

இருபதாவது நிமிடம் கேலம் பொறுக்க முடியாமல் எழுந்து கடைக்கு வந்தான்.

"நானே எடுத்துக்கறேன் ஆன்ட்டி."

எர்மெலிந்தா ரூலெட் மேசைப் புன்னகையைப் போட்டார். "டெலிவரி ஆர்டர ரைடரத் தவிர யாருகிட்டயும் குடுக்கக் கூடாது தம்பி. உங்க ஒப்பந்தம், பதினோராம் பக்கம்."

"ஆறிப் போகுது ஆன்ட்டி."

"ஆறினா நீ புகார் குடு. திருப்பித் தர்ற காச என் கணக்குல பிடிச்சுக்குவாங்க. அதுவும் எனக்கு மனப்பாடம்."

ஜோசே உள்ளே திரும்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

முப்பத்தோராம் நிமிடம் பிஷால் வியர்த்து வழிந்தபடி வந்தான். பொட்டலத்தை எடுத்தான், பட்டனை அழுத்தினான், இருபத்தாறு அடி நடந்தான். பின்னாலேயே ஓடிய கேலமிடம் கொடுத்தான். ஐம்பத்தைந்து விநாடி. பப் முழுக்கக் கை தட்டியது.

கேலம் ஊறிய நூடுல்ஸை முழுவதும் சாப்பிட்டான், அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு வாசலில் நின்று பிரிஸ்பேனில் உள்ள தன் மேலதிகாரியோடு நெடுநேரம் பேசிவிட்டுத் திரும்பி வந்தான்.

"பப்புக்கு மட்டும் தனி விகிதம் போட சிஸ்டத்துல வழியில்ல ஆன்ட்டி. நீங்க என்ன கேக்கறீங்க?"

"ரெண்டு. எல்லா ஆர்டருக்கும் பழைய இருபத்தேழு, ஒரு வருஷத்துக்கு, எழுத்துல. அப்புறம், வாடிக்கையாளரே வந்து எடுத்துட்டுப் போனா உங்க கமிஷன் பத்து சதவிகிதம்தானே? ஆப்ல ஆர்டர் போட்டு நேர்ல வந்து எடுத்துக்கலாம்னு சொல்ற க்யூஆர் அட்டைங்க உங்க கம்பெனி பேரப் போட்டு அனுப்பு. பப்ல ஒவ்வொரு மேசைக்கும் ஒண்ணு."

"குடிச்சிட்டு உக்காந்திருக்கறவங்க எந்திரிச்சு வருவாங்களா?"

"அது உன் கவலையில்ல."

திங்கட்கிழமை கடிதம் வந்தது. இருபத்தேழு, அடுத்த ஜூன் முப்பது வரை. ஜோசே இரண்டு முறை படித்துவிட்டு, தன் வேலை அட்டவணையில் புதன், வியாழன் மேல் போட்டிருந்த கேள்விக்குறிகளை அழித்தார்.

அட்டைகளும் வந்தன. குடிக்கிறவர்களை எழுப்பும் வேலையைக் கெர்ரி ஏற்றுக்கொண்டாள். பில்லியர்ட்ஸில் தோற்றவர் மேசையிலிருக்கும் எல்லாருடைய லக்சாவையும் போய் எடுத்து வர வேண்டும் என்று விதி போட்டாள். முதல் மாதமே பப் ஆர்டர்களில் பாதிக்கு மேல் பத்து சதவிகிதக் கமிஷனுக்கு வந்துவிட்டன.

நஷ்டம் பிஷாலுக்குத்தான். இரண்டாவது வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"என் இருபத்தாறு அடியப் பறிச்சிட்டீங்க ஆன்ட்டி."

"உக்காரு. சாப்பிட்டுப் போ" என்றார் எர்மெலிந்தா. வாரத்தில் மூன்று நாள் அவனுக்கு அங்கே சாப்பாடு என்பது அன்றிலிருந்து வழக்கமாயிற்று.

ஒரு நாள் அவன் சாப்பிடும்போது யாரோ ஒரு சோம்பேறி பப்பிலிருந்து டெலிவரி ஆர்டர் போட்டான். பிஷால் பாதிக் கிண்ணத்தை விட்டுவிட்டு எழுந்து ஓடினான். எர்மெலிந்தா சீட்டில் ஒரு டிக் போட்டு ஆணியில் குத்தினார். அடுத்த ஜூன் வந்தால் கேலமும் வருவான்; அன்றைக்கும் எண்கள் வேண்டும்.