நேசம் அக்காவுக்கு நாலு வரி

போன செவ்வாய்க்கிழமை. பத்து மணிப் பிளேன்டீ இன்னும் வரவில்லை. அதற்குள் புவனா வந்து என் மேசையோரம் நின்றார்.

புவனா எங்கள் மருத்துவ நிலையத்தின் செயலாளர். வாரம் ஒருநாள் இந்தப் பக்கத்தில் அலட்டுவதைத் தவிர எனக்கு ஓர் உத்தியோகமும் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. மட்டக்களப்பு வாவிக்கரையில், சங்கம் ஒன்று நடத்துகிற சின்ன மருத்துவ நிலையத்தில் அலுவலக உதவியாளர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக, அங்கே யார் ஓய்வு பெற்றாலும் கெப்ஷன் எழுதுகிற வேலை என் தலையில்தான் விழும்.

“நேசம் அக்கா வெள்ளிக்கிழமையோட ரிட்டயர் ஆகிறா. பேஸ்புக்குக்கும் பெனருக்கும் நாலு வரி வேணும் அண்ணன். கெதியாத் தாங்க.”

நாலு வரிதானே… என்று நானும் தலையாட்டிவிட்டேன். அங்கேதான் பிடித்தது சனி.

ஓய்வுபெறுகிறவருக்குக் கெப்ஷன் எழுதுவது லேசான வேலை என்று நினைக்கிறீர்களா? அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆளுடைய கோப்பை எடுத்து, சேர்ந்த திகதியைப் பார்க்க வேண்டும். தற்காலிகமாகச் சேர்ந்த திகதி ஒன்று, நிரந்தரமாக்கிய திகதி இன்னொன்று. பிழையானதைப் போட்டால் ஒரு வருடத்தை விழுங்கிவிட்டீர்கள் என்று ஆள் ஆயுளுக்கும் முகம் கொடுக்காது. அடுத்தது பதவிப் பெயர். கடைசியாக வகித்ததைப் போட வேண்டும், சேர்ந்தபோது இருந்ததை அல்ல.

வினைச்சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். “ஓய்வு பெறுகிறார்” என்று எழுதலாம். “எம்மை விட்டுப் பிரிகிறார்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படத்தோடு அந்த வரியைக் கண்டால் நம்மவர்கள் மிச்சத்தை வாசிக்கவே மாட்டார்கள். “ஆழ்ந்த அனுதாபங்கள்” என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

முக்கியமானது இனித்தான். போனில் முதல் மூன்று வரிதான் தெரியும். மீதியைப் பார்க்க “மேலும்” என்பதை அமுக்க வேண்டும். யார் அமுக்குகிறார்கள்? ஆகவே ஆள் செய்த வேலை அந்த மூன்று வரிக்குள் வந்துவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? போன வருடம் ஓய்வு பெற்ற வேன் சாரதி அண்ணனின் கெப்ஷனைத் திறந்து, பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றி, நேசம் அக்காவிடம் சரிபார்க்கக் கொண்டுபோனேன்.

நேசம் அக்கா பதிவறைப் பொறுப்பாளர். ஊர் நாவற்குடா. முப்பத்தொரு வருடம் அதே அறை, அதே கதிரை. அதிகம் கதைக்க மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார்.

“தம்பி, நான் எப்ப வேன் ஓடினன்?”

எட்டிப் பார்த்தேன். “வாகனப் பிரிவை விபத்தின்றி வழிநடத்தியவர்” என்ற வரி அப்படியே கிடந்தது. எனக்கு முகம் சுருங்கிப்போனது.

“அது கை தவறிற்று அக்கா. மிச்சம் சரிதானே?”

“கனிவு, பணிவு, அர்ப்பணிப்பு… ஓம், நல்லாத்தான் இருக்கு. என்ட பேர எடுத்துட்டு வாசல்ல நிக்கிற வாட்சர்ர பேரப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்.”

சுள்ளென்று இருந்தது. ஆனால் உண்மை. “சரி, நீங்களே சொல்லுங்க. இஞ்ச நீங்க செஞ்ச பெரிய வேலை என்ன?” என்று கேட்டேன்.

“அதத்தான் நீங்க எழுதிட்டீங்களே தம்பி. மூணு வருசத்துக்கு முன்ன, அருளானந்தம் சேருக்கு.”

சொல்லிவிட்டு அக்கா அடுத்த அட்டையை எடுத்தார்.

விஷயம் இதுதான். முன்பு எங்கள் பதிவறையில் நோயாளர் அட்டைகள் முதலெழுத்துப்படி கிடந்தனவாம். மட்டக்களப்பில் “க. தங்கராசா” என்று தேடிப் பாருங்கள். ஒரு கட்டு வரும். “மு. ஆதம்பாவா” என்றால் இரண்டு கட்டு. அட்டை இலக்கம் எழுதிய கொப்பி எங்கே என்று வருகிறவரிடம் கேட்டால், “வெள்ளத்துல போயிற்று” என்பார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறொரு பெயர். விலாசமாவது உதவுமா என்றால், எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் கலியாணம் முடித்ததும் மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். ஊரே மாறிவிடும்.

மாறாதது எது? பெற்ற தாயின் பெயர்.

இதைக் கண்டுபிடித்தவர் நேசம் அக்கா. அட்டை அலுமாரியில் ஊருக்கொரு இழுப்பறை, எங்கள் பேச்சில் இலாச்சி. அதற்குள் தாயின் பெயர் வரிசை. அட்டையின் வலது மூலையில் சிவப்பு மையில் அந்தப் பெயர். வருகிறவரிடம் இரண்டே கேள்வி: பிறந்த ஊர் எது? தாயின் பெயர் என்ன? காத்தான்குடி ஆட்களிடம் “உம்மாட பேர்?” என்று கேட்பார். ஒரு நிமிடத்தில் அட்டை கையில் இருக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத தங்கராசாவும், ஒத்துக்கொள்கிற தங்கராசாவும் ஒருவரோடொருவர் மாறிப்போகாமல் இருந்தது இதனால்தான். கம்பியூட்டர் வந்தபோதும், தாயின் பெயருக்கு ஒரு கட்டம் வைக்காவிட்டால் ஒரு அட்டையும் தர மாட்டேன் என்று இலாச்சிகளைப் பூட்டிவிட்டு இருந்தவர் அவர்.

அப்போதைய நிர்வாகி அருளானந்தம் சேர் செய்தது, அந்த முறையை அறிவிக்க நேசம் அக்கா எழுதிக் கொடுத்த சுற்றறிக்கையில் கையெழுத்து வைத்தது. அவர் ஓய்வு பெற்றபோது, உங்கள் பங்களிப்பு என்ன சேர் என்று அவரிடமே கேட்டேன். “பதிவறை ஒழுங்குபடுத்தல்” என்றார். நானும், “பதிவறை முறையின் சிற்பி” என்று விட்டு விளாசினேன். நேசம் அக்காவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அக்கா அதற்கு லைக்கும் போட்டிருக்கிறார்!

புவனாவிடம் ஓடினேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை பிரியாவிடைக்குச் சேர்தான் பிரதம அதிதி. ஒரே வேலைய ரெண்டு பேரும் செஞ்ச எண்டு போட்டா சனம் சிரிக்காதா? ‘சேரின் வழிகாட்டலில் உறுதுணையாக இருந்தவர்’ எண்டு போடுங்க. பிரச்சினை முடிஞ்சிற்று.”

உறுதுணை! இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்து வைத்திருக்கிறேன். வேலையைச் செய்தவருக்குத்தான் எப்போதும் இந்தச் சொல் கிடைக்கும். கையெழுத்து வைத்தவர் சிற்பி, எழுதிக் கொடுத்தவர் உறுதுணை. வெள்ளிக்கிழமை தாண்டினால் நேசம் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு யார் வந்து திருத்துவது?

புதன்கிழமை பின்னேரம் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சித்தாண்டிக்குப் போனேன், சேர் வீட்டுக்கு. விறாந்தையில் முருகன் படம். அதற்குப் பக்கத்தில், லெமினேட் செய்து, என் கெப்ஷன்.

“சேர், ஒரு சின்னத் திருத்தம்…”

“என்ன, எழுத்துப் பிழையா?”

“ஆள் பிழை சேர்.”

சொல்லி முடித்தேன். சேர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சுற்றறிக்கைல கையெழுத்து ஆர்ர?”

“உங்கட சேர்.”

“அப்ப?”

“எழுதினது அவ சேர்.”

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. “வச்ச கண்ணாடிய எடுத்துக் குடுக்கவே வீட்டுல ஒரு ஆள் வேணும். இவராம் பதிவறைய ஒழுங்குபடுத்தின!”

சேருக்கு முகம் சிவந்துவிட்டது. “சிற்பிய எடுக்க ஏலா. கனடாவுல மருமகன் அத ஷெயார் பண்ணினவர்.”

“எடுக்கத் தேவையில்ல சேர். நோயாளருக்குக் கழிப்பறை கட்டுவிச்சது உண்மையாவே நீங்கதானே? அலைஞ்சு திரிஞ்சு செஞ்சீங்க. அதப் போடுவம்.”

“கழிப்பறைச் சிற்பியா? தம்பி, நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க.”

குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

வியாழக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். பிழை என்னுடையது, திருத்துவதும் நான்தான். எங்கள் பேஸ்புக் குழுவில் சேருடைய பழைய பதிவைத் தேடிப் பிடித்து, கீழே ஒரு குறிப்புப் போட்டேன்: “பதிவறை முறையை உருவாக்கியவர் நேசமலர். தவறு எழுதியவருடையது.”

நல்ல காரியம்தான். ஆனால் பழைய பதிவில் யாராவது குறிப்புப் போட்டால் அது குழுவின் உச்சிக்கு வந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை. மத்தியானத்துக்குள் சேருக்கு மறுபடியும் ஓய்வு வாழ்த்துகள் குவிந்தன. “இளமையாகவே இருக்கிறீர்கள்” என்றார் ஒருவர். என் குறிப்பை ஒருவராவது வாசித்தால்தானே!

போன் அடித்தது. சேர்.

“தம்பி, என்ன செஞ்சீங்க? எனக்கு மூணு பேர் அனுதாபம் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் அடக்கம் எப்ப எண்டு வீட்டுக்கே போன் பண்ணிக் கேக்கிறார். நான்தான் போன எடுத்த!”

மன்னிப்புக் கேட்பதற்குள் வைத்துவிட்டார். நாளைக்கு அவர் வரமாட்டார் என்று புவனா அடித்துச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இருந்தாலும் புதிய கெப்ஷனை எழுதினேன். சிற்பி இல்லை, உறுதுணை இல்லை. நேசம் அக்காவிடம் காட்டினேன். நீண்ட நேரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “பேருக்கு முன்னால திருமதி வேணாம் தம்பி. எல்லாரிட்டயும் நான் கேட்ட மாதிரி எழுதுங்க,” என்றார். வெள்ளிக்கிழமை காலை அது இப்படிப் போனது:

“நாவற்குடா, பூரணத்தின் மகள் நேசமலர் இன்று ஓய்வு பெறுகிறார். ஊரையும் தாயின் பெயரையும் கேட்டு, இலக்கத்தை மறந்து வந்தவருக்கும் உரிய அட்டையை எடுத்துக் கொடுக்கும் முறையை எங்கள் நிலையத்துக்குத் தந்தவர். அந்த முறை இன்றும் எங்கள் கம்பியூட்டரில் இருக்கிறது. முப்பத்தொரு வருடங்களுக்கும் நன்றி, நேசம் அக்கா. – நிர்வாகமும் ஊழியர்களும்.”

பத்து நிமிடத்தில் கீழே முதல் கருத்து வந்தது. சேர்!

“இது முழுக்க நேசமலரின் வேலை. நான் கையெழுத்து மட்டும்தான் வைத்தேன். பின்னேரம் நேரில் வந்தும் சொல்வேன். – சித்தாண்டி, செல்லம்மாவின் மகன் அருளானந்தம்.”

அவ்வளவுதான். அதன் பிறகு வாழ்த்தியவர்கள் எல்லாரும் அதே மாதிரி எழுதத் தொடங்கிவிட்டார்கள். காத்தான்குடி, ஆசியா உம்மாவின் மகன். வவுணதீவு, கண்மணியின் மகள். கனடாவிலிருந்து மருமகனும், அவருடைய தாயின் பெயரோடு. பின்னேரம் பொன்னாடையோடு வந்த சேர், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். “அடக்கம் எப்ப எண்டு கேட்டாங்களே தம்பி, பொய்யோட போகக்கூடாது எண்டு பட்டது” என்று என் காதோரம் சொன்னார். நேசம் அக்கா மேடையில் அழவில்லை. “இனிக் காணாமல்போன அட்டைக்கு என்னைத் தேடி வராதீங்க” என்றுதான் சொன்னார். கீழே இறங்கி, போனில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபோதுதான் அழுதார். நானும்தான், மறைப்பானேன்?

இந்தப் பத்தியின் தலையில் என் பெயரை வாரா வாரம் பார்க்கிறீர்கள். இத்தனை வருடமாக விட்டுப்போனதை இன்று கீழே சேர்த்துவிடுகிறேன்: புளியந்தீவு, மரகதத்தின் மகன்.