சோறு தின்றுவிட்டு வரச் சொன்ன சோதனை

கிளினிக்கிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்பி நடந்துகொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் காலை நேரத்தில் பசியோடு நடப்பது லேசான காரியமில்லை. ஒரு கடையில் வடை பொரிகிறது, அடுத்த கடையில் தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். சர்க்கரைச் சோதனைக்காக இரவு முழுக்கப் பட்டினி கிடந்து போனவனை, சோதனை செய்யாமலே திருப்பி அனுப்பிவிட்டார் மிஸி. இங்கே நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, இந்த ரெண்டு மூணு நாளா என்ன சாப்பிட்டீங்க?"

பெருமையாகச் சொன்னேன். "சோறே தொடல மிஸி. பாவக்கா ஜூஸ், கொஞ்சம் கீரை. அவ்வளவுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது என்ன பரீட்சையா, பாஸ் பண்றதுக்கு? போய் மூணு நாள் நல்லா சோறு தின்னுட்டு வாங்க. அப்புறம் ஒரு ராத்திரி மட்டும் பட்டினி. சோத்த விட்டுட்டு வந்தா ஒடம்பு சீனியக் கையாள மறந்துடும்ணே. திடீர்னு சீனித் தண்ணி ஊத்துனா தடுமாறும். நல்லா இருக்கிற ஆளக்கூட நோயாளின்னு காட்டிடும்."

பாகற்காய் யோசனை மாமாவுடையது, அதாவது என் அக்காவின் கணவருடையது. அவருக்குப் பல வருஷமாக நீரிழிவு. நான் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த அன்றே, "வாடா, நம்ம கட்சிக்கு வந்துட்ட" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் மாத்திரையில் பாதியை எனக்கும் எடுத்து நீட்டினார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

அதற்கு முன்பு கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரைகளை மிட்டாய் மாதிரி விழுங்கிவந்ததில் வயிற்றில் புண் வந்து, ஒரு நாள் ரத்த வாந்தி எடுத்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் யார் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். புண்ணுக்கு வைத்தியம் நடந்தது. நடுவில் விரலைக் குத்திப் பார்த்தவர்கள் சர்க்கரை பதினான்கு என்றார்கள், மில்லிகிராம் கணக்கில் இருநூற்றைம்பது. எனக்கு முன்பு அப்படி எதுவும் இருந்ததில்லை. சில நாள் இன்சுலின் போட்டார்கள். உடம்பு தேறத் தேறச் சர்க்கரையும் இறங்கியது, ஊசியை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இது ஸ்ட்ரெஸ் சுகராக இருக்கலாம், ஆனால் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும்" என்று சொல்லி, இரண்டு மாதம் தள்ளி கிளினிக்கில் நாள் குறித்துக் கொடுத்தார்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஸ்ட்ரெஸ் என்றால் மனக்கவலை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு என்னடா ஸ்ட்ரெஸ்? பொண்டாட்டியா, புள்ளையா, வீட்டு லோனா? ஊர் ஊரா சுத்துறவனுக்கு ஸ்ட்ரெஸ்ஸாம்! எனக்கு வந்திருந்தா ஒரு நியாயம் இருக்கு."

நானும் மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டால் போதும் என்று, பகல் முழுக்க அவள் வீட்டு மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தேன். அதில் ஸ்ட்ரெஸ் ஏறியது அவளுக்குத்தான்.

சந்தோஷமாக இருக்கவிடாமல் செய்தது, கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் லாரிகள் வைத்திருந்த தவுக்கேயின் போன். தவுக்கே என்றால் முதலாளி. அவரிடம் லாரி ஓட்டும் வேலை காலியாக இருந்தது. மூட்டை இனி என் முதுகுக்கு ஆகாது, ஓட்டுவது ஆகும், லைசென்ஸும் கையில் இருந்தது. ஆனால் எனக்கு இன்சுலின் போட்ட விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"உனக்கு கென்சிங் மானிஸ் இருக்கா?" என்று மலாயில் கேட்டார். நீரிழிவுக்கு அந்தப் பேர்தான். அவருடைய பழைய ஓட்டுநர் ஒருவர் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வண்டியெடுத்து, சர்க்கரை இறங்கி, ரவாங் போகும் வழியில் ஸ்டியரிங்கிலேயே மயங்கிவிட்டாராம். "கிளினிக் லெட்டர் கொண்டு வா. இல்லைன்னா சாவி இல்லை லா."

அதனால்தான் அந்தப் பாகற்காய்.

மூன்று நாள் சோறு தின்றேன். அக்கா ஒவ்வொரு வேளையும், "மிஸி சொன்னாங்கன்னு பானையோட தின்னாத" என்றாள். மாமா பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி போனபோது முதலில் ரத்தம் எடுத்துவிட்டு, மிஸி ஒரு கோப்பை சீனித் தண்ணீர் கொடுத்தார். பாயசத்தில் பாயசத்தை எடுத்துவிட்டு இனிப்பை மட்டும் மிச்சம் வைத்தது போல இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்களாம்.

"அதுவரைக்கும் இங்கேயே உக்காந்திருங்க. நடக்கக்கூடாது, சிகரெட் கூடாது, தண்ணி வேணும்னா கொஞ்சம் குடிங்க."

நடக்கக்கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் வரை போயிருந்தேன். மிஸி பின்னாலேயே வந்து பிடித்துவிட்டார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"சும்மா காலாற..."

"காலு ஆறட்டும், நீங்க உக்காருங்க. நடந்தா தசை சீனியத் தின்னுடும், கணக்கு தப்பாயிடும்."

உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டேன். "மாமாவுக்கு ஒரே ஊசியில மூணு மாசச் சக்கரையப் பாத்துடறாங்களே மிஸி. எனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?"

"அது ரத்த அணுல ஒட்டியிருக்கிற சீனியப் பாக்குற டெஸ்ட். ஒங்க ரத்தம் பாதி வெளிய போயிடுச்சு, உள்ள இருக்கிறதுல யாரோ குடுத்தது வேற. அதப் பாத்தா யார் தின்ன சீனின்னு நான் சொல்றது?"

ஸ்ட்ரெஸ் பற்றியும் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மனசு ஸ்ட்ரெஸ் இல்லண்ணே, ஒடம்பு ஸ்ட்ரெஸ். ரத்தம் போகுது, உயிருக்கே ஆபத்துன்னு ஒடம்பு பயந்துக்கிட்டு ஹார்மோன அள்ளி விடும். ஈரல் இருக்கிற சீனியெல்லாம் ரத்தத்துல கொட்டும். இன்சுலினும் சரியா வேல செய்யாது. சிலருக்கு நோய் போனதும் அதுவும் போயிடும். சிலருக்கு முன்னாடியே உள்ள ஒளிஞ்சிருந்தது அப்பதான் வெளிய தெரியும். நீங்க எந்த ஆளுன்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட்."

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தது. சீனித் தண்ணீருக்குப் பிறகு எடுத்தது ஒன்பதுக்குச் சற்றுக் கீழே. எட்டைத் தொடாமல் இருந்திருந்தால் நல்லது, பதினொன்றைத் தாண்டினால் நீரிழிவு, நான் நடுவில் நிற்கிறேன் என்றார். மருந்து வேண்டாம், இனிப்புத் தண்ணீரைக் குறை, தொப்பையைக் குறை, வருஷம் ஒரு முறை வந்து பார் என்றார். நீரிழிவு இல்லை, சர்க்கரைக்கு எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

வெளியே வந்து மிஸியிடம் முறையிட்டேன். "வருஷத்துக்கு ஒருக்காவா? அடுத்த வருஷம் நான் எந்த ஊருல இருப்பேனோ."

"எந்த ஊருலயும் கிளினிக் இருக்கு. ரத்தம் ஒங்க கூடத்தானே வரும். அப்ப ஒரே ஊசிதான்ணே, அதுக்குள்ள எல்லாம் ஒங்க சொந்த ரத்தமா ஆயிருக்கும்."

வீட்டில் சொன்னபோது மாமாவின் முகம் தொங்கிப்போனது. "பரவால்ல, வாசப்படி வரைக்கும் வந்திருக்க. உள்ள வந்துடாத" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் காலை ரயில் பிடித்துக் கிள்ளானில் இறங்கி மேருவுக்குப் போனேன். தவுக்கே கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இல்லையா?"

"இல்லை பாஸ். ஆனா கிட்டத்தில இருக்காம்." மறைக்க மனம் வரவில்லை.

அவர் யோசித்தார்.

"டெக்காட் தானே? சம்பாய் இல்லையே?" என்றார். கிட்டத்தில்தானே, போய்ச் சேரவில்லையே என்று அர்த்தம். லாரிக்காரருக்கு அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

மூன்று டன் லாரியின் சாவியை மேசைமேல் தள்ளினார். சாலாக் செலாத்தானுக்குப் போக வேண்டிய கூரை ஓட்டுச் சரக்கைப் பின்னால் ஏற்றி முடித்திருந்தார்கள். வேலையை எடுத்துக்கொண்டேன்.