நான் புரிந்துகொண்டது சரிதானா, ஐயா

நெய்வேலியில் நான் ஓவர்சியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. டவுன்ஷிப் பராமரிப்புப் பிரிவில் வேலை. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும், எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தோடும் வந்து இறங்கினேன். அறுபதுகளின் தொடக்கம். பாதி ரோடுகள் போடப்பட்டிருந்தன, மீதி ரோடுகள் வரைபடத்தில் இருந்தன. பிளாக் எண்ணைச் சொல்லி வழி கேட்டால், கேட்கப்பட்டவரும் போன வாரம்தான் வந்தவராக இருப்பார்.

எங்கள் பிரிவின் அதிகாரி நல்ல மனிதர். குரல் உயர்த்த மாட்டார். ஆனால் வாக்கியங்களை முடிக்கவும் மாட்டார். "அந்த விஷயம்" என்பார், "அதைக் கொஞ்சம்" என்பார், கையால் காற்றில் ஒரு வட்டம் போடுவார். மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும். நான் புரிந்துகொண்டேன். அதுதான் பிரச்சினை.

ஒரு நாள் டெல்லியிலிருந்து யாரோ பெரிய மனிதர்கள் வரப்போவதாகச் செய்தி. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மெயின் ரோடு ஓரத்துல டிரம்மா கிடக்கு. எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றார். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்பவன் கெட்டிக்காரன் இல்லை என்பது அன்றைய என் கொள்கை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், மாலைக்குள் ரோட்டோரத்தில் ஒரு தார் டிரம்கூட இல்லாமல் துடைத்துவிட்டேன். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன காலி டிரம்களோடு, வேறு சில டிரம்களும் போயின. அவை அடிப்பக்கம் வெட்டப்பட்டு, ஓட்டை போடப்பட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மரக்கன்று நின்றுகொண்டிருந்தது. கன்றுகளை விட்டுவிட்டு டிரம்களை மட்டும் பத்திரமாக உருவி எடுக்கச் சொன்னேன். அந்த நுணுக்கத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலைக்குள் முத்தாண்டிக்குப்பம் பக்கத்து ஆடுகள் மெயின் ரோட்டை முழுவதுமாகச் சாப்பிட்டுவிட்டிருந்தன. பெரிய மனிதர்கள் இரண்டு பக்கமும் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே காரில் போனார்கள். அதிகாரி என்னைத் திட்டவில்லை. "காலி டிரம்மைத்தான் சொன்னேன்" என்றார். முதல் முறையாக ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லிவிட்டார், ஒரு நாள் தாமதமாக.

அடி பட்டவன் சும்மா இருப்பானா? எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். அடுத்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி "ஒரு வேலி மாதிரி" போடச் சொன்னார். அன்று மாலையே உட்கார்ந்து பத்தொன்பது கேள்விகள் எழுதினேன். வேலியின் உயரம் என்ன, கம்பியா முள்ளா, வாசல் கிழக்கிலா மேற்கிலா, பூட்டு எந்த அளவு, சாவி யாரிடம், சாவி தொலைந்தால் யார் பொறுப்பு. மூன்று பக்கம், ஆங்கிலத்தில், கீழே கோடு போட்டு. அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாம் பக்கத்தை எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார்.

"நீங்க எனக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

காகிதம் திரும்பி வந்தது. பதில் ஒன்றும் இல்லை. வேலியை என் இஷ்டப்படி போட்டேன், அது நன்றாகவே அமைந்தது. பத்தொன்பதில் பதினாறு கேள்விகளுக்கு விடை என்னிடமே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பொறுப்பை அவர் தலையில் கட்டத்தான் அத்தனை எழுதியிருக்கிறேன்.

இந்த இரண்டு அவமானங்களுக்குப் பிறகு வந்தது பழைய ஷெட் விவகாரம். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை அதிகாரி வெளியே கிளம்பிக்கொண்டே சொன்னார்: "பழைய ஷெட் வெள்ளிக்கிழமைக்குள்ள காலி ஆகணும். மேல கேட்டுக்கிட்டே இருக்காங்க. லாரி ரெண்டு சொல்லிடுங்க. பார்த்துக்குங்க." கையால் காற்றில் வட்டம். ஜீப் போய்விட்டது.

பக்கத்து மேஜையில் இருந்த ஹெட்கிளார்க்குக்கு இதில் சந்தேகமே இல்லை. பழைய ஷெட் என்றால் ஜனங்கள் இருக்கிற ஷெட்தான், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் டைப் அடித்துவிடுகிறேன், நீங்கள் கொண்டுபோய் ஒட்டிவிடுங்கள் என்றார். டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகியும்விட்டார். அவர் அனுபவஸ்தர். நான் ஆடுகளுக்கு விருந்து வைத்தவன். ஆனாலும் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னொரு முறை தப்பு செய்தால் கும்பகோணம் பஸ் ஏற வேண்டியதுதான் என்ற பயம்.

போய்ப் பார்த்தால் தகரக் கூரை போட்ட பழைய ஷெட்டுகள் இரண்டு, அடுத்தடுத்து. ஒன்றில் சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. இன்னொன்றில் சாக்குப் படுதா கட்டிப் பிரித்து ஒன்பது குடும்பங்கள். சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள். பெர்மனெண்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். நான் டேப்பை விரித்து, எதை அளப்பது என்று தெரியாமல் எதையோ அளந்தேன். அடுப்படியில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"நீங்க அளந்துகினு இருக்கறத பாத்தா வூட்ட காலி பண்ண சொல்லுவீங்க போல. எப்பங்க?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் ஓவர்சியர் அல்லவா? "பார்க்கலாம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது சொல்வாங்க" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கெழம போயிடணும். அதானுங்க சொல்றீங்க?"

"பார்க்கலாம்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அன்று அலுவலகத்தில் ஒரு காகிதத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் எழுதக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை. மேல் பாதியில், நான் புரிந்துகொண்டது இது என்று எழுதினேன்: பழைய ஷெட்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் காலி செய்ய வேண்டும், அதற்கு இரண்டு லாரி. லாரிக்கு இன்றே சொல்லிவிட்டேன், வேண்டாமென்றால் வியாழன் மதியம் வரை நிறுத்தலாம். கீழே, தெளிவாகாதவை மூன்று. அங்கே இரண்டு பழைய ஷெட்டுகள் இருக்கின்றன, சிமெண்டு இருப்பதா, ஒன்பது குடும்பங்கள் இருப்பதா? குடும்பங்கள் என்றால் அவர்கள் எங்கே போக வேண்டும், அவர்களிடம் யார் சொல்வது? சிமெண்டு என்றால் எந்த ஸ்டோரில் இறக்குவது? கடைசியில் ஒரு வரி: முதல் கேள்விக்குத் தங்கள் பதில் கிடைக்கும்வரை நோட்டீஸ் ஒட்டப்போவதில்லை, மற்ற ஏற்பாடுகள் நடக்கும்.

அந்தக் கடைசி வரியை மூன்று முறை அடித்து நான்கு முறை எழுதினேன். "ஒட்டப்போவதில்லை" என்று அதிகாரிக்கு எழுத நான் யார்?

செவ்வாய்க்கிழமை காலை காகிதத்தை நீட்டிவிட்டு, கதவுக்கு அருகிலேயே நின்றேன், ஓட வசதியாக. அவர் படித்தார். பென்சிலை எடுத்தார். முதல் கேள்வியின் பக்கத்தில் எழுதப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். பென்சில் நுனி காகிதத்தைத் தொடாமல் காத்திருந்தது.

"ரெண்டு இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன். அவர் டெலிபோனை எடுத்தார். மேலே இருந்தவரிடம், நான் எழுதியிருந்ததையே வரிசையாகப் படித்தார். முழு வாக்கியங்களாக. கேட்க எனக்கு அதிசயமாக இருந்தது. பிறகு "சரி சார், சரி சார்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

சிமெண்டு ஷெட்தான். கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் மூட்டைகளைப் புது ஸ்டோருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். குடும்பங்களைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அதிகாரி மூன்று கேள்விகளுக்கும் பக்கத்திலேயே பென்சிலால் பதில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். காகிதத்தைக் கொடுக்கும்போது, "இதை நானே முதல்ல கேட்டிருக்கணும்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, பேப்பர் வெயிட்டிடம் சொன்ன மாதிரி இருந்தது. ஹெட்கிளார்க் டைப் அடித்த நோட்டீஸை நாலாக மடித்து டிராயருக்குள் வைத்தார். மைன்ஸையே ஒற்றை ஆளாகத் தோண்டி முடித்தவன் போல நான் வெளியே வந்தேன்.

அந்த நடையிலேயே வெள்ளிக்கிழமை வரை இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை லாரிகளோடு ஷெட்டுக்குப் போனபோது, பக்கத்து ஷெட்டின் முன்னால் ஒரு மாட்டுவண்டி நின்றது. அதில் பானைகள், பாய்ச் சுருள், கூடைக்குள் கோழி, அடியில் ஒரு அம்மிக்கல். அந்த அம்மாள் சாக்குப் படுதாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"நீங்கதான வெள்ளிக்கெழமன்னீங்க. புள்ளைங்கள நேத்தே எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிச்சிட்டேன்."

நீங்கள் போக வேண்டியதில்லை, சிமெண்டு மட்டும்தான் என்றேன். செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது என்பதையும், கேட்காமலேயே, உளறிவிட்டேன். அவர் படுதாவை அவிழ்ப்பதை நிறுத்தினார்.

"அன்னிக்கு ரெண்டு தபா கேட்டேன். ரெண்டு தபாவும் பாக்கலாம்னீங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமேங்க."

என் சட்டைப் பையில் அதிகாரி கையெழுத்திட்ட அந்த அரைக் காகிதம் இருந்தது. அலுவலகத்தில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே காட்டியிருந்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று அதிகாரியிடம் கேட்க எனக்கு இரண்டு அவமானமும் அரைக் காகிதமும் தேவைப்பட்டன. அந்த அம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, நின்ற இடத்திலேயே அதைக் கேட்டுவிட்டார். நான்தான் கையால் காற்றில் வட்டம் போட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் என்று நினைவில்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. "சரி, இத இறக்குங்க" என்று அம்மியைக் காட்டினார். வண்டிக்காரரும் நானும் பிடித்து இறக்கினோம். எங்கே வைப்பது என்று கேட்டேன். பழைய இடத்தில் என்றார். அடுப்புக்கு இடது பக்கமா வலது பக்கமா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இடுப்பு பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் நிமிர முடியவில்லை. திங்கட்கிழமை வளைந்தபடி உள்ளே வந்த என்னைப் பார்த்து அதிகாரி என்ன ஆயிற்று என்று விசாரித்தார். நடந்ததை முழுதும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒன்பது குடும்பங்களுக்கும் யாராவது போய், இப்போதைக்கு யாரும் காலி செய்ய வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார்களா என்று கேட்டார்.

ஒரு குடும்பத்துக்குத்தான் சொல்லியிருக்கிறேன் என்றேன். உட்காராமலேயே சைக்கிளை எடுக்கப் போனேன்.