பிரிவு 4.3: பெயர் சொல்லாப் புகார்

அரசு பாலிடெக்னிக்கில் ஓய்வு பெற்ற பிறகு, திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஒப்பந்த ஆசிரியராகச் சேர்ந்தேன். பணத்துக்காகச் சேரவில்லை. ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் திருச்சானூர் வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தபோது, என்னை 'சார்' என்று கூப்பிட ஆள் இல்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் போனேன். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், துறைத்தலைவர் பரிந்துரைத்தால்தான் அது நடக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டுக்கு நான் வழிகாட்டி. புராஜெக்ட் அறிக்கை எங்கள் பக்கத்தில் எப்படித் தயாராகும் என்பது எல்லோருக்கும் தெரியும். போன வருடத்து சீனியரின் கோப்பை வாங்கி, தலைப்பை மாற்றி, பெயர்களை மாற்றுவார்கள். நான்காம் அத்தியாயம் 'கட்டமைப்பு'. அதில் மூன்று பெட்டிகள் இருக்கும்: பயனர் பார்க்கும் பக்கம், நடுவில் சர்வர், அடியில் டேட்டாபேஸ். இடையில் இரண்டு அம்புக்குறிகள். நூலகம் ஆனாலும் மருத்துவமனை ஆனாலும் அதே பெட்டிகள்தான். நாங்களும் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

அந்த வருடம் வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் குழுவில் இருந்தாள். விவசாயக் குடும்பம், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. கல்லூரிப் புகார்களைப் பதிவு செய்து, அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கும் வலைச் செயலி அவள் குழுவினுடையது. குழுவில் நான்கு பேர். வேலை செய்தவள் அவள் ஒருத்தி.

அவளுடைய நான்காம் அத்தியாயத்திலும் மூன்று பெட்டிகள் இருந்தன. ஆனால் 4.3 என்ற பிரிவை அவள் எங்கிருந்தும் எடுக்கவில்லை. பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கும் வழியைப் பற்றியது அது. மாணவி ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே வருவாள். வெளியாள் யாரும் புகார் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அது. ஆனால் 'பெயர் வேண்டாம்' என்று தேர்ந்தெடுத்தால், சர்வர் அந்தப் புகாரை ரோல் நம்பர் இல்லாமலே டேட்டாபேஸில் உள்ள டேபிளில் எழுதும். பதிலுக்கு நீளமான ஒரு குறியீட்டை ஒரே ஒரு முறை திரையில் காட்டும். பிறகு அந்தக் குறியீட்டைப் போட்டால் புகார் யாரிடம் போயிருக்கிறது, முடிந்ததா என்று தெரியும். அந்தக் குறியீடுகூட டேட்டாபேஸில் அப்படியே இருக்காது. அதிலிருந்து கணக்கிட்ட, திருப்பி எடுக்க முடியாத ஒரு மதிப்புதான் இருக்கும். லாகின் நேரத்தையும் புகார் நேரத்தையும் பொருத்திப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதால், புகாருக்குத் தேதி மட்டும் உண்டு, மணி கிடையாது. குறியீட்டைத் தொலைத்தால் மீட்க முடியாது என்பதையும் அவளே ஒரு குறையாக எழுதியிருந்தாள்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருட வேலையில் நான்காம் அத்தியாயத்தை முழுதாகப் படித்தது அன்றுதான்.

"இதை நீயே எழுதினியாம்மா?"

"ஆமா சார். ஏன் சார், இங்கிலீஷ் தப்பா இருக்குதா?"

"தப்பு இல்ல. மணி எழுதக் கூடாதுன்னு யோசிச்சியே, அதுக்காகக் கேட்டேன்."

"எங்க ஹாஸ்டல் வார்டன் மேடத்துக்கு அந்த மூளை இருக்குது சார்" என்று சிரித்தாள். "அதான்."

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். திருப்பதியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பைண்டிங் கடைக்கு அது போனது. எங்கள் வழக்கப்படி புரோகிராம் முடிவதற்கு முன்பே அறிக்கை பைண்டிங்குக்குப் போய்விடும். கடைசி வாரத்தில் கடையில் கூட்டம் தாங்காது. தடித்த அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்துவிட்டால் அப்புறம் ஒரு பக்கத்தையும் மாற்ற முடியாது.

அதற்குப் பிறகுதான் துறைத்தலைவர் என்னை அழைத்தார். அங்கீகாரக் குழு கல்லூரியைப் பார்க்க வரவிருந்தது. மாணவர் குறைதீர்ப்புக்கு ஒரு செயலி இருப்பதாகக் காட்டினால் நன்றாக இருக்கும். இந்தப் பெண்ணின் செயலியையே ஹாஸ்டலில் ஓட விடலாம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு, மேஷ்டாரு" என்றார். அவர் தெலுங்குக்காரர், என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். "பேரு இல்லாம கம்ப்ளைண்ட் வர்றது ஓகே. ஆனா போட்டது யாருன்னு நமக்குத் தெரியணும் கதா, இல்லையா? நாளைக்கு ஒருத்தி எதையாவது எழுதிட்டா யாரைப் பிடிக்கிறது?"

"ரிப்போர்ட்ல அப்படி எழுதலயே சார். பைண்டிங்கும் போயிடுச்சு."

"ரிப்போர்ட் பர்வாலேது, பரவாயில்ல. அது அப்படியே இருக்கட்டும், பாக்க அழகா இருக்குது. புரோகிராம்ல மட்டும் மாத்தச் சொல்லுங்க." பிறகு மேசையில் எதையோ தேடியபடி, "உங்க ரெனியூவல் ஃபைல் என்கிட்டதான் இருக்கு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவளை அழைத்து, அறிக்கையை மாற்ற வேண்டாம், புரோகிராமை மட்டும் மாற்று என்று சொன்னேன்.

"அப்போ பேர் வேண்டாம்னு எதுக்கு சார் பட்டன்?"

"திரையில தெரியாதும்மா. உள்ள இருக்கும், அவ்வளவுதான்."

"உள்ள இருக்கிறத எடுத்துப் பாக்க எவ்ளோ நேரம் சார் ஆவும்?"

"அதிகாரம் இருக்கிறவங்க மட்டும்தான பாப்பாங்க?"

"அவங்க மேலதான சார் கம்ப்ளைண்டே!"

பதில் இல்லாதபோது ஆசிரியர்கள் செய்வதைத்தான் செய்தேன். குரலை உயர்த்தி, "வைவா மார்க் யார் கையில இருக்குன்னு தெரியும்ல?" என்றேன்.

அவள் மாற்றினாள். புகார் டேபிளில் ரோல் நம்பருக்கு ஒரு கட்டம் சேர்ந்தது. நிர்வாகியின் பக்கத்தில் அது தெரியும். புகார் போடுபவளுக்கு மட்டும் பழையபடி 'உங்கள் அடையாளம் சேமிக்கப்படுவதில்லை' என்றே திரை சொல்லும். அந்த வரியை எடுக்கட்டுமா என்று கேட்டாள். அதுவும் அறிக்கையில் இருக்கும் வரிதானே, இருக்கட்டும் என்றேன்.

செயலி ஹாஸ்டலில் ஓட ஆரம்பித்தது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. பலமுறை சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை. என் மாணவியின் அறையில் இருந்த இரண்டாமாண்டுப் பெண் அதைப் பெயர் இல்லாமல் எழுதினாள். மறுநாளே வார்டன் நிர்வாகி பக்கத்தில் ரோல் நம்பரைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார். அடுத்த நாள் அவளுடைய அப்பா சித்தூரிலிருந்து வந்து, ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளும் அன்றே மாட்டப்பட்டது. புகார் முடிந்ததாகச் செயலி காட்டியது.

என் மாணவி அன்று மாலை ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அவ போடவே பயந்தா சார். நான்தான் சொன்னேன், போடு, நான் எழுதின புரோகிராம், யாருக்கும் தெரியாதுன்னு. அப்போ அது நெஜம் சார். நீங்க மாத்தச் சொன்னப்புறம் அவகிட்ட சொல்ல மறந்துட்டேன். இப்போ அவ என்னோட பேசறது இல்ல."

"இப்போதைக்கு வைவா முடியட்டும்மா" என்றேன். "அப்புறம் பாத்துக்கலாம்."

வைவா என்ற அந்த வாய்மொழித் தேர்வுக்கு வேறொரு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்தார். திருப்பதிக்காரர், நிதானமான ஆள். பக்கத்தில் துறைத்தலைவர், இந்தப் பக்கம் நான். வழக்கமாக வெளித்தேர்வாளர்கள் முதல் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுக் காபி குடிப்பார்கள். இவர் நேராக நான்காம் அத்தியாயத்துக்குப் போனார். 4.3-ஐப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு. அடையாளமே இல்லாம புகார் எந்த நிலையில இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று தெலுங்கில் கேட்டார்.

அவள் குறியீட்டைப் பற்றிச் சொன்னாள். அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. அது அவள் யோசித்தது.

"டேபிளைத் திற. பாக்கலாம்."

அவள் கை கீபோர்டின் மேல் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் அறிக்கையின் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்று கேட்டாலும் தெரியாது. டேபிள் திரையில் வந்தது. புகார் எண், பிரிவு, விவரம், நிலை, தேதி, ரோல் நம்பர்.

"ரோல் நம்பர் இருக்கே!"

அவர் அறிக்கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை யாராவது எழுதிக் கொடுத்தாங்களா அம்மா? உன் புரோகிராம்ல என்ன இருக்குன்னு உனக்கே தெரியலயே."

என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'மாற்றச் சொன்னது நான்.' மூன்றே சொற்கள். துறைத்தலைவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நானும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதான் சார்" என்றாள் அவள். "அப்புறமா மாத்தினேன். ரிப்போர்ட்ல மாத்தல."

குழுவிலேயே குறைந்த மதிப்பெண் அவளுக்கு. மற்ற மூவரிடமும் எதுவும் கேட்கவில்லை என்பதால் அவர்கள் தப்பித்தார்கள். வெளியே வராந்தாவில் அவளை நிறுத்தி ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

"பாஸ் ஆயிட்டேன் சார், அது போதும்" என்றாள். "காப்பி அடிச்சவன்லாம் நல்ல மார்க் வாங்கிக்கினு போறான். நான் எழுதினதத்தான் காப்பின்னு சொல்லிட்டாரு." பிறகு, "ஒண்ணு மட்டும் செய்யுங்க சார். லைப்ரரி காப்பில அந்தப் பக்கத்துல உண்மை என்னன்னு எழுதிடுங்க. எம் பேர்ல பொய் இருக்குது" என்றாள்.

சரி என்றேன். அவள் தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஹாஸ்டல் செயலிக்குத் தனியாக நிர்வாகி ஒருவர் வேண்டுமென்று, வயதானவர், பொறுமையானவர் என்று சொல்லி என்னையே போட்டார்கள். பெயரில்லாப் புகார்கள் ரோல் நம்பரோடு இப்போது என் திரையில்தான் வருகின்றன. துறைத்தலைவர் கேட்கும்போது போட்டது யார் என்று சொல்கிறேன். கேட்கும் முன்பே சொன்னதும் உண்டு.

நீண்ட நாட்களுக்குப் பிறகு, போன மாதம் நூலகத்துக்குப் போனேன். பழைய அறிக்கைகள் பூட்டிய அலமாரியில் இருக்கும். துறைத்தலைவரின் சீட்டு இல்லாமல் மாணவர்களுக்குத் தர மாட்டார்கள், ஆசிரியர்களுக்குச் சாவியையே தருவார்கள். அவளுடைய அறிக்கையை எடுத்து 4.3-ஐத் திறந்தேன். ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: 'இந்தப் பிரிவு இம்மாணவி வடிவமைத்தபடி சரியானது. செயலியில் ரோல் நம்பரைச் சேமிக்கச் சொன்னவன் நான். அறிக்கையை மாற்ற வேண்டாம் என்றவனும் நானே.' வழிகாட்டி என்று போட்டு, கீழே கையெழுத்திட்டேன். மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்தேன்.

நல்ல காரியம் செய்ததுபோல் ஷேர் ஆட்டோவில் வந்து உட்கார்ந்தேன். ஆட்டோ திருச்சானூர் திருப்பத்துக்கு வருவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது. எழுத எத்தனையோ இடம் இருந்தது. ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு இருந்தது. அந்தத் திரையில் இருக்கும் ஒற்றை வரி இருந்தது, நிர்வாகி என்ற முறையில் அதை நானே மாற்றலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு, யாரும் திறக்காத அலமாரியாகப் பார்த்து உண்மையை எழுதியிருக்கிறேன்.

இன்று காலையும் ஒரு பெயரில்லாப் புகார் வந்திருக்கிறது. 'உங்கள் அடையாளம் சேமிக்கப்படுவதில்லை' என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண் பட்டனை அழுத்தியிருப்பாள். அவள் ரோல் நம்பர் என் முன்னால் இருக்கிறது. துறைத்தலைவர் இன்னும் போன் செய்யவில்லை.